எந்தக் குத்தாலம்? ஆய்வேடு, தரவுத்தொகுதி, இணையப் பனுவல் ஆகியவற்றை ஹார்வர்டு முறையில் பதிவதில் உள்ள சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் ஆய்வேடுகளிலும் ஆய்விதழ்களிலும் துணைநூற்பட்டியலுக்கு ஹார்வர்டு முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அச்சு நூலுக்கு இம்முறை பொருந்துகிறது. ஆய்வேடு, தரவுத்தொகுதி, இணையத்தில் மட்டும் கிடைக்கும் பனுவல் ஆகிய மூன்றையும் நூலாகவே பாவித்து, இறுதியில் ஓர் இணைய முகவரியை ஒட்டிவிடும் வழக்கம் தமிழில் நிலைபெற்றுவிட்டது. இவ்வழக்கினால் எந்தெந்த இடத்தில் வாசகர் வழி தவறுகிறார் என்பதைக் காவிரிப் படுகையின் குத்தாலம் குறித்த சான்றுகளை முன்வைத்து இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹார்வர்டு முறை, துணைநூற்பட்டியல், சோத்கங்கா, தரவுத்தொகுதி, கணினித் தேவாரம், குத்தாலம், திருத்துருத்தி.

முன்னுரை

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே காவிரிக்கரையில் அமைந்த குத்தாலத்தைத் தேவாரம் ‘குத்தாலம்’ என்று அழைப்பதில்லை. திருத்துருத்தி என்றே அழைக்கிறது. குத்தாலம் என்ற இன்றைய பெயருக்கும் தென்காசியை அடுத்த குற்றாலத்துக்கும் எழுத்தளவில் வேறுபாடு மிகச் சிறிது. குற்றாலமும் பாடல்பெற்ற தலமே. உரோமன் எழுத்தில் தேடுவோருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்து விழும். துருத்தி என்று தேடினால் திருவையாற்றுக்கு அருகிலுள்ள திருப்பூந்துருத்தி முன்வந்து நிற்கும். ஆகவே, இவ்வூரைப் பற்றி எழுதும் ஆய்வாளர் ஒருவர் தம் பட்டியலில் ‘எது’ என்பதைத் துல்லியமாகச் சொல்லாவிட்டால், வாசகர் வேறோர் ஊரின் சான்றைக் கையில் எடுத்துக்கொள்வார். பட்டியலின் நிறுத்தற்குறிகள் பற்றிய கேள்வி இதற்குப் பிறகே வருவது.

ஹார்வர்டு முறை என்பதற்கு ஒற்றை விதிநூல் கிடையாது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தையின் கருவளர்ச்சி குறித்து எழுதிய கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தந்ததே இம்முறையின் தொடக்கமாகக் காட்டப்படுகிறது. அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் பெயரே முறைக்கும் ஒட்டிக்கொண்டது. அப்பல்கலைக்கழகம் இதற்கெனக் கையேடு எதையும் வகுத்து உலகுக்கு வழங்கவில்லை. இன்று பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வழங்கும் ஹார்வர்டு கையேடுகள் தம்முள் வேறுபடுகின்றன. எனவே, ‘துணைநூற்பட்டியல் ஹார்வர்டு முறையில் அமைதல் வேண்டும்’ என்று ஓர் இதழ் அறிவிக்கும்போது, ஆசிரியரும் ஆண்டும் முதலில் வரும் என்பதைத் தவிர வேறெதையும் அது உறுதியாகச் சொல்லிவிடவில்லை. அச்சு நூலுக்கு இந்தத் தெளிவின்மை பெரிய கேடு செய்யாது. நூலின் முகப்பிலேயே ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். இங்கே எடுத்துக்கொள்ளும் மூன்று வகைச் சான்றுகளிலோ ஆசிரியர் யார், ஆண்டு எது என்பவையே முடிவு செய்யப்பட வேண்டியவையாக உள்ளன.

ஆய்வேடு: எந்த ஆண்டு?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் முனைவர்பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்கச் செய்தன. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியம் அவற்றைச் சேர்த்து வைக்கிறது. ஒரு பதிவைத் திறந்தால் ஆய்வாளர், நெறியாளர், பல்கலைக்கழகம், துறை, நிறைவு நாள், பக்க அளவு ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் காட்டப்படும். `http://hdl.handle.net/10603/` என்று தொடங்கி ஓர் எண்ணில் முடியும் நிலை முகவரியும் அங்கேயே உண்டு. 10603 என்பது சோத்கங்காவைக் குறிக்கும் முன்னெண். அதை அடுத்து வரும் எண் குறிப்பிட்ட ஆய்வேட்டுக்கு உரியது. களஞ்சியத்தின் தளம் இடம் மாறினாலும் இந்த முகவரி புதிய இடத்துக்கு அழைத்துச் செல்லும் என்பதற்காகவே இது வழங்கப்படுகிறது. ஆனால், பல பட்டியல்களில் காணப்படுவது இதுவன்று. உலாவியின் மேற்பட்டையில் அப்போது தெரிந்த நீண்ட முகவரி, அதிலும் `01_title.pdf` போன்ற ஒற்றைக் கோப்பின் முகவரி, அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். சோத்கங்காவில் ஆய்வேடுகள் இயல்தோறும் தனிக் கோப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அந்த முகவரி வாசகரை முகப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடும். பட்டியலில் வர வேண்டியது முழு ஆய்வேட்டின் நிலை முகவரியே. இயல் எது, பக்கம் எது என்பவை உள்மேற்கோளுக்கு உரியவை. அங்கும், கோப்பைத் திறக்கும் மென்பொருள் காட்டும் பக்க எண்ணை விடுத்து, தாளில் தட்டச்சிடப்பட்டுள்ள பக்க எண்ணையே தர வேண்டும். ஒவ்வொரு கோப்பும் மென்பொருளில் 1 என்றே தொடங்குவதால், மூன்றாம் இயலின் 12ஆம் பக்கம் ஆய்வேட்டின் 140ஆம் பக்கமாக இருக்கக்கூடும்.

இவற்றைவிடக் கடினமானது ஆண்டு. திருத்துருத்திக் கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய ஓர் ஆய்வேடு இருப்பதாகக் கொள்வோம். அதன் முகப்பில் ‘டிசம்பர் 2009’ என்று உள்ளது. வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் வழங்கப்பட்டது 2011இல். பல்கலைக்கழகம் அதனைச் சோத்கங்காவில் ஏற்றியது 2014இல். மூன்று ஆண்டுகளும் உண்மையானவை. பட்டியலில் ஒன்றே வர முடியும். களஞ்சியப் பக்கத்திலிருந்து விவரங்களைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் மேற்கோள் மென்பொருள்கள் எந்தக் கட்டத்து நாளை எடுத்துக்கொண்டன என்பது பயனர் சரிபார்த்தாலன்றித் தெரியாது. இதே கல்வெட்டைப் பற்றி வேறொருவர் 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார் என்றும் கொள்வோம். ஆய்வேட்டை ‘2014’ என்று பதிந்தால், முதலில் வாசித்தவர் பின்வந்தவராகிவிடுவார். ஹார்வர்டு முறையில் ஆண்டு பெயரை அடுத்தே நிற்பதால், பட்டியலைப் பார்வையிடும் எவரும் கருத்தின் முன்பின் வரிசையை அந்த ஆண்டைக் கொண்டே மதிப்பிடுவர். அடிக்குறிப்பு முறையில் இத்தவறு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். இங்கோ வாக்கியத்தின் நடுவிலேயே வந்து நிற்கிறது.

ஆகவே, முகப்பில் உள்ள ஒப்படைப்பு ஆண்டைக் கொள்வதே தக்கது. பல்கலைக்கழக நூலகத்திலுள்ள கட்டமைக்கப்பட்ட படியிலும் களஞ்சியத்திலுள்ள மின்படியிலும் ஒருசேரக் காணப்படுவது அந்த ஒன்றே. பட்டமளிப்பு ஆண்டைக் கொள்ளும் மரபுகளும் உண்டு. ஒரு பட்டியலுக்குள் இரண்டையும் கலப்பதுதான் ஏற்கத் தகாதது. ஏற்றிய நாள் எந்நிலையிலும் ஆய்வேட்டின் ஆண்டாகாது. பதிவு இவ்வாறு அமையும்:

ஆய்வாளர் பெயர், தலைப்பெழுத்து (முகப்பில் உள்ள ஆண்டு) ஆய்வேட்டின் முழுத் தலைப்பு. முனைவர்பட்ட ஆய்வேடு. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம், ஊர். கிடைக்குமிடம்: சோத்கங்கா, `http://hdl.handle.net/10603/` (எண்ணுடன்) (அணுகியது: நாள், மாதம், ஆண்டு).

இப்பதிவில் ‘வெளியிடப்படாத’ என்னும் அடைமொழி இல்லை. தமிழ் ஆய்வேடுகளில் ‘வெளியிடப்படாத முனைவர்பட்ட ஆய்வேடு’ என்பது கேள்விக்கிடமற்ற வாய்பாடாகவே மாறிவிட்டது. அச்சொல்லை எழுதி, அடுத்த வரியிலேயே யாரும் திறக்கக்கூடிய முகவரியையும் தருவது முரண். ‘வெளியிடப்படாத’ என்பது, படி துறையின் அலமாரியில் மட்டும் உள்ளது, அங்கே சென்றால்தான் காண முடியும் என்று வாசகருக்குத் தரப்படும் தகவல். ஆய்வியல் நிறைஞர் பட்ட ஏடுகளுக்கு அது இன்றும் பெரும்பாலும் உண்மை. தஞ்சைப் பகுதியின் ஊர்க்கோயில்கள், வழக்காறுகள், ஊர்ப்பெயர்கள் பற்றிய களச்செய்திகளில் பல இந்தச் சிறிய ஏடுகளிலேயே புதைந்துள்ளன. மானியக் குழு அப்பட்டத்தையே 2022இல் நிறுத்திவிட்டது. இனி எழுதப்படப்போவதில்லை என்பதால், இருக்கும் படிகள் எங்கே உள்ளன என்பதைச் சொல்வது முன்னைவிட முக்கியமாகிறது. இவ்வேடுகளுக்கு இணைய முகவரிக்கு உரிய இடத்தில் நூலகத்தின் பெயரும் அடுக்கு எண்ணும் வர வேண்டும்.

பட்டம் வழங்கிய நிறுவனம் எது என்பதிலும் ஒரு கவனம் தேவை. ஆய்வாளர் படித்த கல்லூரி பட்டம் வழங்குவதில்லை. அது இணைவு பெற்ற பல்கலைக்கழகமே வழங்குகிறது. திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982இல் தோன்றும்வரை தஞ்சைப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தன. ஆகவே, 1970களின் ஆய்வேடொன்றை இன்றைய இணைவை வைத்துப் பதிந்தால் வாசகர் தவறான நூலகத்தில் தேடுவார்.

ஆய்வேடும் அதிலிருந்து உருவான நூலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் சாதி, வர்க்க, அதிகார அமைப்பை ஆராய்ந்த ஆந்திரே பெத்தேயின் நூல் 1965இல் வெளிவந்தது. அதன் அடிப்படை தில்லிப் பல்கலைக்கழகத்தில் அவர் மேற்கொண்ட முனைவர்பட்ட ஆய்வு. நூலைப் படித்தவர் நூலையே பதிய வேண்டும். நூலின் முன்னுரையில் ஆய்வேடு குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, காணாத ஆய்வேட்டைப் பட்டியலில் சேர்ப்பது பட்டியலின் நீளத்தைக் கூட்டுமே தவிர வேறு பயன் தராது.

பெயரைத் தலைகீழாக்கும்போது நேரும் பிழைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. தலைப்பெழுத்து தந்தையின் பெயரையோ ஊரையோ குறிப்பது, குடும்பப் பெயரன்று. தி.வே. கோபாலையர் ‘கோபாலையர், தி.வே.’ என்றே வர வேண்டும். ஆங்கில வழக்கில் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் மென்பொருளிடம் விட்டால், ‘ஐயர், தி.வே. கோபால்’ என்று அவர் வேறோர் எழுத்தின்கீழ்ப் போய்ச் சேர்வார்.

தரவுத்தொகுதி: எந்த எல்லை, எந்தப் படி?

குத்தாலம் 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிக்கப்பட்டதால் 2001, 2011 கணக்கெடுப்புகளில் அதன் மாவட்டம் நாகப்பட்டினம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. குத்தாலம் இப்போது அதன் வட்டங்களுள் ஒன்று. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: 2011 கணக்கெடுப்பு வெளியிட்ட அட்டவணைகளில் மயிலாடுதுறை என்றொரு மாவட்டம் இல்லை.

‘மயிலாடுதுறை மாவட்ட மக்கள்தொகை (2011 கணக்கெடுப்பு)’ என்று ஆய்வேட்டில் வரும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? நாகப்பட்டினம் மாவட்டத்தின் பகுதிகளுள் சிலவற்றின் எண்களை எடுத்து, இன்றைய எல்லைக்கேற்ப யாரோ கூட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டல் சரியாகவே இருக்கலாம். ஆனால், அதைச் செய்தது கணக்கெடுப்பு இயக்ககம் அன்று. ஆய்வாளர் தாமே கூட்டியிருந்தால், பட்டியலில் நாகப்பட்டினம் அட்டவணையைப் பதிந்து, எந்தெந்தப் பகுதிகளைக் கூட்டினார் என்பதைக் கட்டுரையின் உடலிலோ அட்டவணையின் அடியிலோ சொல்ல வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தால் அந்தப் பக்கத்தையே பதிய வேண்டும். கணக்கெடுப்பின் பெயரால் பதிந்தால், சரிபார்க்க விரும்பும் வாசகர் இல்லாத அட்டவணையைத் தேடிக்கொண்டிருப்பார். கண்டுபிடிக்க முடியாமைக்கு அவர் தம்மையே நொந்துகொள்ளவும் கூடும்.

இதே பதிவில் ஆண்டும் இரட்டையாக வருகிறது. 2011 என்பது தலைப்பின் உறுப்பு; எண்ணிக்கை நடந்த ஆண்டு. அட்டவணையோ மாவட்டக் கையேடோ வெளியிடப்பட்ட ஆண்டு வேறு. அடைப்புக்குறிக்குள் வர வேண்டியது பின்னது:

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்ககம், தமிழ்நாடு (வெளியீட்டு ஆண்டு) இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011: மாவட்டக் கையேடு, நாகப்பட்டினம் [தரவு அட்டவணை]. அட்டவணையின் பெயரும் எண்ணும். கிடைக்குமிடம்: `https://censusindia.gov.in` (அணுகியது: நாள், மாதம், ஆண்டு).

களஞ்சியத்தின் உள்ளே அந்தக் கையேட்டுக்கெனத் தனி முகவரி இருப்பின் அதனைத் தருவது மேல். முகப்பு முகவரியை மட்டும் தருவதானால் அட்டவணையின் பெயரும் எண்ணும் தவறாமல் இருக்க வேண்டும். அவையே வாசகருக்கு எஞ்சும் வழி. மேலும், குத்தாலம் என்பது ஒரு பேரூராட்சியின் பெயர். ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர். ஒரு வட்டத்தின் பெயர். 2008 மறுசீரமைப்புக்கு முன்புவரை ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயரும்கூட. நான்கின் எல்லைகளும் வேறு. ‘குத்தாலத்தின் மக்கள்தொகை’ என்று வரும் எண் எந்தக் குத்தாலத்துக்கு உரியது என்பதை அட்டவணையின் பெயர் மட்டுமே காட்டிக்கொடுக்கும். இதனால்தான் அட்டவணைப் பெயரை விட்டுவிட்டு நிறுவனப் பெயரையும் ஆண்டையும் மட்டும் தரும் பதிவு, வடிவத்தில் பழுதின்றி இருந்தும் பயனற்றதாகிறது.

மழைத் தரவில் சிக்கல் வேறுவகை. படுகையின் குறுவை, சம்பா பருவங்களைப் பற்றி எழுதுவோர் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் பாகைக் கட்டத் தரவை அதிகம் கையாள்கின்றனர். அத்தரவு உருவாக்கப்பட்ட முறையை விளக்கும் கட்டுரையைப் பாய் முதலிய அறுவர் 2014இல் ‘மௌசம்’ இதழின் 65ஆம் தொகுதியில் வெளியிட்டனர். 1901 முதல் 2010 வரையிலான நாள்மழை அளவுகளை 6955 மழைமானி நிலையங்களிலிருந்து பெற்று, நாடு முழுவதையும் கட்டங்களாக்கிக் கணித்த முறையை அது கூறுகிறது. ஆய்வாளர்கள் பலர் இக்கட்டுரையை மட்டும் பதிந்து, 2018ஆம் ஆண்டின் மழையளவுக்கும் அதையே சான்றாகக் காட்டுகின்றனர். 2014இல் வெளிவந்த கட்டுரை 2018ஆம் ஆண்டு மழைக்குச் சான்றாவது எப்படி? கட்டுரை முறைக்குச் சான்று. எண்ணுக்குச் சான்று அதன்பின் ஆண்டுதோறும் சேர்க்கப்பட்டுவரும் தரவுக் கோப்பு. இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும்:

இந்திய வானிலை ஆய்வுத் துறை (கோப்பின் ஆண்டு) கட்ட மழைத் தரவு, 0.25 × 0.25 பாகை, நாள்வாரி [தரவுத்தொகுதி]. புனே: இந்திய வானிலை ஆய்வுத் துறை. எடுத்த ஆண்டுக் கோப்புகள்: 1991–2020. கிடைக்குமிடம்: `https://www.imdpune.gov.in` (பதிவிறக்கியது: நாள், மாதம், ஆண்டு).

இங்கே ‘அணுகியது’ என்பதற்கு மாறாகப் ‘பதிவிறக்கியது’ என்ற சொல் வருவதற்குக் காரணம் உண்டு. வளர்ந்துகொண்டே போகும் தரவில் பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படலாம். பதிப்பெண் வழங்கப்படாத தொகுதியில், ஆய்வாளர் கண்ட படி எது என்பதற்குப் பதிவிறக்கிய நாளே எஞ்சியிருக்கும் அடையாளம். பதிப்பெண்ணும் நிலை அடையாள எண்ணும் உள்ள தொகுதியாயின் இவ்வளவு பாடு இல்லை. அத்தகைய தொகுதிகளுக்குத் ‘டேட்டாசைட்’ அமைப்பு பரிந்துரைக்கும் வரிசை ஆக்கியோர், ஆண்டு, தலைப்பு, பதிப்பு, வெளியிட்ட களஞ்சியம், தரவின் வகை, அடையாள எண் என்பது. ஹார்வர்டு பட்டியலில் அதனை ஏறக்குறைய அப்படியே அமர்த்திவிடலாம். `https://doi.org/` என்று தொடங்கும் முகவரி இருந்தால் அணுகிய நாளும் தேவையில்லை.

கால் பாகை என்பது இப்பகுதியில் பக்கத்துக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கொண்ட ஒரு கட்டம். குத்தாலத்துக்கென்று தனி எண் இத்தரவில் கிடையாது. அதற்கு மிக நெருங்கிய கட்டப்புள்ளி வடக்கு 11.00, கிழக்கு 79.50. ‘குத்தாலத்தில் பெய்த மழை’ என்று எழுதுபவர் அந்தப் புள்ளியின் ஆயங்களை உள்மேற்கோளிலேயே தந்துவிட வேண்டும். நூலுக்குப் பக்க எண் எப்படியோ, கட்டத் தரவுக்கு ஆயம் அப்படி.

இணையப் பனுவல்: எந்தப் பதிப்பு, எந்தப் பாடல்?

இணையத்தில் உள்ளவை அனைத்தும் ‘இணையத்தில் மட்டும் உள்ளவை’ அல்ல. அச்சிட்ட நூலின் ஒளிப்படப்படி இணையத்தில் கிடைத்தால், பதிய வேண்டியது அந்த அச்சு நூல். களஞ்சியத்தின் பெயர் அதன் பின்னொட்டு. பலர் இதனைத் தலைகீழாகச் செய்து, தளத்தின் பெயரையே ஆசிரியராக்கிவிடுகின்றனர். அதேபோல், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னுரைகளில் தலைப்புப் பகுதியில் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பற்றிய குறிப்புகள் இடம்பெறுவது வழக்கம். மூலமாகக் கொண்ட அச்சுப் பதிப்பு குறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. அது குறிக்கப்பட்டிருந்தால் பதிவில் கட்டாயம் இடம்பெற வேண்டும். குறிக்கப்படாத மின்னுரையைப் பாடவேறுபாடு பற்றிய விவாதத்துக்குச் சான்றாகக் கொள்வது தகாது. சொல் தேடுவதற்கு அது உதவும், அவ்வளவே.

தேவாரத்தில் இவ்வேறுபாடு நன்கு புலப்படுகிறது. தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக 1984, 1985, 1991 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக அச்சில் வந்தது. ‘கணினித் தேவாரம்’ 2007இல் குறுந்தகடாக வெளியிடப்பட்டது, இணையத்திலும் வைக்கப்பட்டது. வி.எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரையையும் முழுமையான சொல்லடைவையும் கொண்ட அதனை ஜான்-லுக் செவியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் உருவாக்கினர். இரண்டுக்கும் நிறுவனம் ஒன்றே, பனுவலும் தேவாரமே. ஆனால், சுப்பிரமணிய ஐயரின் உரையை மேற்கோள் காட்டிவிட்டு ‘கோபாலையர் 1984’ என்று பதிந்தால், அந்த அச்சுத் தொகுதியில் அவ்வுரை இருக்காது. ‘பிரெஞ்சு நிறுவனத் தேவாரம்’ என்று பொதுப்படப் பதியும் வழக்கம் இக்குழப்பத்தை மறைத்துவிடுகிறது. பதிவு பின்வருமாறு அமையலாம்:

சுப்பிரமணிய ஐயர், வி.எம்., செவியார், ஜா.-லு. மற்றும் சர்மா, எஸ்.ஏ.எஸ். (2007) கணினித் தேவாரம் [மின்பனுவலும் சொல்லடைவும்]. புதுச்சேரி: பிரெஞ்சு நிறுவனம் மற்றும் தொலைகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி. கிடைக்குமிடம்: அணுகிய பக்கத்தின் முகவரி (அணுகியது: நாள், மாதம், ஆண்டு).

செவியார் போன்ற பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒலிபெயர்ப்பு ஆளுக்கொன்றாக வேறுபடும். ஒரு பட்டியலுக்குள் ஒரே வடிவம் வந்தால் போதும்.

பக்க எண் இல்லாத பனுவலுக்கு உள்மேற்கோளில் என்ன தருவது என்பதே இப்பகுதியின் பெரிய கேள்வி. ஆங்கிலக் கையேடுகள் பத்தி எண்ணையோ உட்தலைப்பையோ தரச் சொல்கின்றன. பதிகங்களுக்கு அதைவிட உறுதியான ஒன்று தமிழ் மரபிலேயே உள்ளது: திருமுறை, பதிகம், பாடல் என்ற எண்வரிசை. திருத்துருத்திக்குச் சம்பந்தர் பாடியது 2.98, அப்பர் பாடியது 4.42. சுந்தரரின் 7.74 திருத்துருத்தி, திருவேள்விக்குடி ஆகிய இரண்டு தலங்களுக்கும் பொதுவானது. குற்றாலத்துக்குரிய சம்பந்தர் பதிகமோ 1.99. ‘குத்தாலப் பதிகம்’ என்று எழுதி இணைய முகவரியை மட்டும் தந்தால், அந்த முகவரி செயலிழந்த நாளில் வாசகரிடம் எஞ்சுவது ஊர்ப்பெயர் மட்டுமே. அது அவரைத் தென்காசிக்கும் அனுப்பலாம், பூந்துருத்திக்கும் அனுப்பலாம். ‘(சுப்பிரமணிய ஐயர் முதலியோர் 2007: 7.74, பாடல் 3)’ என்று இருந்தால், முகவரி மறைந்தாலும் எந்தப் பதிப்பிலும் அதே பாடலை எட்டிவிடலாம். இணையத்தளங்களின் ஆயுளை நம்பாமல் பனுவலின் உள்ளமைப்பை நம்பும் இவ்வழி, ஹார்வர்டு முறைக்குச் சிறிதும் மாறானதன்று; உள்மேற்கோளில் பக்க எண்ணுக்கு விடப்பட்ட இடமே இதற்கும் இடம் தருகிறது.

பதிகம் போன்ற உள்ளெண் எதுவும் இல்லாத பக்கங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. கோயில் பற்றிய அறிமுகம், வட்டாட்சி எல்லை, சுற்றுலாக் குறிப்பு போன்றவை மாவட்ட நிர்வாகத் தளங்களில் உள்ளன. குத்தாலம் பற்றி 2020க்கு முன் எழுதியவர் நாகப்பட்டினம் மாவட்டத் தளத்தைப் பதிந்திருப்பார். இன்று அவ்வூர் `mayiladuthurai.nic.in` என்ற தளத்துக்கு உரியது. பழைய பதிவில் பிழை ஏதுமில்லை. அதன்கீழ் இருந்த நிர்வாகமே மாறிவிட்டது. இத்தகைய பக்கத்தை மேற்கோளாகக் கொள்ளும் நாளிலேயே இணையக் காப்பகத்தில் ஒரு படியைச் சேமித்து, அந்தப் படியின் முகவரியைப் பதிவதே செய்யக்கூடியது. `https://web.archive.org/web/` என்பதை அடுத்து வரும் 14 இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றைக் காட்டுவன. ஆய்வாளர் கண்ட பக்கம் எந்த நாளுக்குரியது என்பது முகவரியிலேயே அடங்கிவிடுவதால், அங்கே ‘அணுகியது’ என்று தனியே எழுதுவது மிகை. பக்கத்தில் நாளோ ஆசிரியரோ இல்லாதபோது நிறுவனத்தின் பெயரை ஆசிரியரின் இடத்திலும் ‘நாளில்லை’ என்பதை ஆண்டின் இடத்திலும் இட வேண்டும். அணுகிய ஆண்டை எடுத்து வெளியீட்டு ஆண்டின் இடத்தில் வைப்பது பட்டியல்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. 2004இல் எழுதப்பட்ட தலபுராணச் சுருக்கத்தை 2023ஆம் ஆண்டின் ஆய்வாகக் காட்டிவிடும் அந்தப் பதிவு, சோத்கங்காவில் ஏற்றிய நாளை ஆய்வேட்டின் ஆண்டாக்கும் அதே பிழையைத்தான் செய்கிறது.